வந்தவாசி லைனில் இரண்டு செவ்வகங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக ஆரணிக்கு மாற்றலாகி வந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆரணியில் எனக்கு உறவு இல்லை, நண்பர் இல்லை, நின்று பேச ஒரு டீக்கடைகூட அமையவில்லை. நான் பேசுவதைக் கேட்டால் மெஸ்காரருக்குச் சிரிப்பு வரும். அவர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். "இன்னா சார், ஜல்தியா சாப்ட்டு எழுந்திரிங்க, ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்பார். நானும் ஆள்தானே என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன்.

குடியிருந்தது ஒரு பட்டு வியாபாரியின் வீட்டு மாடியில். மாடிப்படி முழுக்கக் காலிப் புடவைப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் அவற்றை இடிக்காமல் ஏறி இறங்குவதே எனக்குப் பெரிய சாதனை. வீட்டுக்காரர் நல்லவர். மாதத்துக்கு ஒருமுறை வாடகை வாங்கும்போது "சௌகரியமா கீறீங்களா?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை மெஸ்ஸில் "ரெண்டு இட்லி" என்று சொல்கிற வரைக்கும் என் குரலை நானே கேட்க மாட்டேன். தனிமை நல்லது, அதில் ஞானம் பிறக்கும் என்று எழுதுகிறவர்களை ஆரணியில் ஆறு மாதம் தனியாக வைக்க வேண்டும். எனக்கு அதில் எரிச்சல்தான் பிறந்தது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வேலூருக்கும் போளூருக்கும் வந்தவாசிக்கும் கம்பங்களின் மேல் செம்புக் கம்பி ஓடியது. மத்தியானமானால் அந்த லைன்களைப் பரிசோதிக்க வேண்டும். இந்த முனையில் ஒரு ஒலியைச் செலுத்துவோம்; அந்த முனையில் அது எவ்வளவு பலத்தில், அதாவது எந்த லெவலில், வந்து சேர்கிறது என்று மீட்டரில் பார்த்துச் சொல்வார்கள். இதைப் பேசிக்கொள்ள எங்களுக்கென்று தனியாக ஒரு சர்வீஸ் லைன் உண்டு. அது பொது லைன். ரிசீவரை எடுத்தவன் எவனோ அவன் எல்லாவற்றையும் கேட்கலாம். அதில் யாருக்கும் பெயர் கிடையாது. நான் ஆரணி. வேலூரில் இருந்த சூப்பர்வைசர் வேலூர். எல்லோரும் எல்லோரையும் ஊர் பெயரால்தான் கூப்பிடுவோம்.

ஒருநாள் பரிசோதனை முடிந்து வேலூர் சாப்பிடப் போய்விட்டது. நான் ரிசீவரைக் காதில் இடுக்கியபடியே புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பெண் குரல்.

"ஆரணி, பக்கம் பொரட்ற சத்தம் கேக்குது. இன்னா படிக்கிறீங்க?"

வந்தவாசி. அங்கே என்னைப் போலவே டெக்னீஷியனாக இருந்தவர். அதுவரை "லெவல் சரி", "லெவல் கம்மி" என்பதைத் தவிர அந்தக் குரலிடமிருந்து நான் எதையும் கேட்டதில்லை. புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கமும் ஒரு புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நானும் அதேதான் படிச்சிகினு இருக்கேன் தம்பி" என்றார்.

வேலையில் இருந்துகொண்டே எழுதக்கூடிய பொறியியல் தேர்வு அது. பாடம் தபாலில் வரும். எல்லாப் பேப்பரும் தேறினால் பட்டத்துக்குச் சமம். ஜூனியர் இன்ஜினியர் ஆகலாம். நான் அதற்குப் பணம் கட்டியதற்குக் காரணம், சாயங்காலங்கள் நீளமாக இருந்தன என்பதுதான். அவர் விஷயம் அப்படி இல்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அடுப்படிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே வருஷக்கணக்காக எழுதி எழுதி ஏறக்குறைய எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்.

"ஒரே ஒரு பேப்பர் பாக்கி தம்பி. இந்தத் தடவ போச்சின்னா என் ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆயிடுது. திருப்பி மொதல்லேர்ந்து எல்லாத்தையும் எழுதணும். எங்க மாமியாரு சொல்லிட்டாங்க, இதோட பொஸ்தகத்த எல்லாம் மூட்டை கட்டிடுன்னு."

"எதுல அக்கா கஷ்டம்?"

"கன்வல்யூஷன். கணக்கா போட்டா மண்டை காயுது. படமா போட்டா பிரியுது, ஆனா எங்கேர்ந்து எதுவரைக்கும்னு லிமிட் போட வரல."

என்னை "அக்கா" என்று சொல்ல வைத்தது எது என்று தெரியவில்லை. ஆரணிக்கு வந்த பிறகு நான் யாரையும் உறவு வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கன்வல்யூஷன் ஒன்றும் பூதம் இல்லை. ஒரு சர்க்யூட்டின் குணம் ஒரு வரைபடமாகத் தெரியும். அதற்குள் அனுப்பும் துடிப்பு இன்னொரு வரைபடம். வெளியே என்ன வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் ஒரு படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டு, மற்றதன் மேல் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதியில் இரண்டின் உயரத்தையும் பெருக்கி, அதன் பரப்பைக் கணக்கிட்டால் அந்த நேரத்துக்கான விடை. இரண்டும் செவ்வகத் துடிப்பாக இருந்தால் உயரம் மாறாது, எவ்வளவு அகலம் மேலே விழுகிறது என்பது மட்டும்தான் மாறும். முதலில் தொடவே தொடாது, பிறகு மேலே விழும் பகுதி கூடும், பிறகு கொஞ்ச நேரம் மாறாமல் இருக்கும், பிறகு குறையும், பிறகு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பரப்பின் ஆரம்பமும் முடிவும் வேறு. அந்த ஆரம்பத்தையும் முடிவையும்தான் லிமிட் என்பார்கள். தேர்வில் மார்க் எல்லாம் அதற்குத்தான்.

இதைக் கரும்பலகை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. நாங்கள் டெலிபோனில் செய்தோம். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது, ஒருவர் போட்ட படம் மற்றவருக்குத் தெரியாது. வேலூர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிக்க வேண்டும். லைனில் இரைச்சல் வேறு.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாடிப்படியில் கிடந்த புடவைப் பெட்டி ஒன்றை எடுத்து அட்டையை நறுக்கினேன். கிராஃப் தாளில் முதல் துடிப்பு: உயரம் ஒன்று, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. அட்டைதான் இரண்டாவது துடிப்பு: உயரம் இரண்டு, அகலம் இரண்டு. அதைப் புரட்டித் தாளின் மேல் நகர்த்தினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வந்தவாசியும் ஒரு காலண்டர் அட்டையை வெட்டிக்கொண்டார்.

"பொரட்டிட்டீங்களா அக்கா?"

"பொரட்டிட்டேன்."

"தள்ளுங்க."

"தள்றேன். தள்ளிகினே போறேன்."

மறுநாள் விடையை ஒப்பிடுவோம். நேரத்தைக் குறிக்கும் t-யை வைத்து t மைனஸ் இரண்டு, t பிளஸ் இரண்டு என்றெல்லாம் அந்த இரைச்சலில் சொன்னால் பாதி காணாமல் போய்விடும். அதனால் உருவத்தை மட்டும் சொல்லிக்கொண்டோம். லைன் பரிசோதிக்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம்: அளவைச் சொல், சரியா என்று கேள், அடுத்ததற்குப் போ.

"ஏறுறது ரெண்டு. சமமா இருக்கறது ஒண்ணு. எறங்கறது ரெண்டு. உச்சி நாலு."

"சரி அக்கா. மொத்த அகலம்?"

"அஞ்சி. மூணும் ரெண்டும் அஞ்சி, கூட்டிப் பாத்துட்டேன்."

"பரப்பு?"

"பன்னண்டு. அது மூணு, இது நாலு, பெருக்குனா பன்னண்டு. சரியா வந்துட்சி தம்பி!"

விடையின் அகலம் இரண்டு துடிப்புகளின் அகலத்தைக் கூட்டினால் வர வேண்டும். பரப்பு இரண்டின் பரப்பையும் பெருக்கினால் வர வேண்டும். இரண்டு சோதனையிலும் தேறிவிட்டது. அந்த சந்தோஷத்தில் அவர் சிரித்த சிரிப்பு மாலை வரை என் காதில் இருந்தது. நான் அன்று மெஸ்காரரிடம்கூட இரண்டு வார்த்தை பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் பயந்துபோய்க் கூட ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

அப்படியே பல வாரங்கள் ஓடின. அகலத்தை மாற்றுவோம், உயரத்தை மாற்றுவோம், மறுநாள் ஒப்பிடுவோம். நடுவே பிள்ளைக்குக் காய்ச்சல், வந்தவாசியில் மழை, எங்கள் மெஸ்ஸில் புழுங்கலரிசியில் கல். போளூர்க்காரர் சில நாள் குறுக்கே வருவார். "இன்னா சார் அது, டெய்லி செவ்வகம் செவ்வகம்னு, வீடு கட்றீங்களா?" என்பார். அக்கா சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன், எனக்கு இருந்த கால் மணி நேரத்தில் அவர் ஒரு நிமிடத்தைத் தின்றுவிட்டாரே என்றிருக்கும். அந்தப் பேப்பரில் அக்கா தேற வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். தேறினால் இந்தக் கால் மணி நேரத்துக்கு வேலை இருக்காது என்பதும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைப் பற்றி யோசிக்காமல் இருக்க எனக்கு நன்றாக வரும்.

தேர்வு திங்கள்கிழமை, வேலூரில். அந்தப் பேப்பர் எனக்கும் உண்டு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா உற்சாகமாக இருந்தார்.

"இன்னிக்கு லிமிட்டோட முழுசா எழுதிப் பாத்துட்டேன் தம்பி. நம்ம மொதல் கணக்கு. டக்குனு வந்துட்சி. மைனஸ் ரெண்டுல ஆரம்பிச்சி..."

அதோடு லைன் செத்தது.

"ஆரணி, வந்தவாசி போச்சா?" என்றது சாப்பிட்டுவிட்டு வந்த வேலூர்.

"போச்சு சார்."

பெரணமல்லூர்ப் பக்கம் எவனோ செம்புக் கம்பியை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் காலத்தில் அது சாதாரணம். கம்பி வந்து, ஆள் வந்து, கட்டி முடிக்கத் திங்களோ செவ்வாயோ ஆகும் என்றார்கள்.

நான் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மைனஸ் இரண்டா? எங்கள் முதல் கணக்கின் விடை பூஜ்யத்தில் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு துடிப்பும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கின்றன. விடை அதற்கு முன்னால் எப்படி வரும்? யாரும் டயல் செய்வதற்கு முன்பே மணி அடிக்கிற டெலிபோன் மாதிரி அல்லவா இருக்கிறது!

சாயங்காலம் அறையில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்தால் மைனஸ் இரண்டு வரும் என்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. நான் அட்டையை வெட்டியபோதே பூஜ்யத்தில் இருந்த ஓரத்தில், இரு பக்கமும் தெரியும்படி, மையால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். புரட்டினால் அந்தப் புள்ளி வலது ஓரத்துக்குப் போகும். அந்த வலது ஓரம்தான் t. அட்டை t மைனஸ் இரண்டிலிருந்து t வரை இருக்கும். அவருடைய அட்டையில் புள்ளி இல்லை. அவரும் புரட்டினார்தான். ஆனால் செவ்வகத்தைப் புரட்டினால் என்ன தெரியும்? அதே செவ்வகம்தான். எது எந்த ஓரம் என்பது அதன் முகத்தில் எழுதியிருக்காது. அவர் எப்போதும் போல இடது ஓரத்தை t என்று வைத்துக்கொண்டார். அவர் அட்டை t-யிலிருந்து t பிளஸ் இரண்டு வரை போனது. புரட்டியும் புரட்டாததாகவே ஆகிவிட்டது.

உருவம் அச்சு அசலாக அதேதான் வரும். ஏற்றம் இரண்டு, சமம் ஒன்று, இறக்கம் இரண்டு, உச்சி நான்கு, பரப்பு பன்னிரண்டு. நாங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில். முழு விடையும் இரண்டு அலகு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு லிமிட்டும் தப்பு. எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் நாங்கள் இத்தனை வாரத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. பார்த்துக்கொண்டு படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை வேலூரைக் கெஞ்சினேன். காஞ்சிபுரம் வழியாகச் சுற்றி வந்தவாசிக்கு ஒரு லைன் போட்டுத் தர முடியுமா?

"ஆபீஸ் விஷயமா?"

"பெர்சனல் சார்."

"ஏம்பா, இங்க லைன் எல்லாம் பேஜாராகிக் கெடக்குது. பெர்சனலாம் பெர்சனல்!"

தந்தி கொடுக்கலாம் என்று யோசித்தேன். அந்தக் கம்பியும் அதே கம்பங்களில்தான். சுற்றிப் போய்ச் சேர்ந்தாலும், தந்தி என்றால் அந்த நாளில் வீடே கூடி அழத் தொடங்கிவிடும். எல்லோரும் மார்பில் கை வைத்துக்கொண்டு நிற்க, உள்ளே "வலது ஓரம்தான் t" என்று இருந்தால் என்னைச் சபிப்பார்கள். திங்கள் காலை ஹால் வாசலில் சொல்லலாம் என்றால் முகம் தெரியாது, தெரிந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஆகிற காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பஸ் ஏறினேன்.

அட்டைகளும் கிராஃப் தாள்களும் பஸ் கூட்டத்தில் மடங்கிவிடக் கூடாது. தட்டையாக, கெட்டியாக எனக்குக் கிடைத்தது படியில் இருந்த புடவைப் பெட்டி. எல்லாவற்றையும் அதில் வைத்து மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மூடியில் கடையின் பெயரும் பெரிதாக ஒரு மயிலும். ஆரணியில் அப்படிப் பெட்டியோடு போகிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே பத்தில் நான்கு பேர் கையில் அதுதான் இருக்கும்.

வந்தவாசியில் இறங்கி, "டெலிபோன் ஆபீஸ்ல வேலை செய்றாங்களே ஒரு அம்மா, அவங்க வீடு" என்று கேட்டுக் கேட்டுப் போனேன். சர்ச் முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரம். தெருவெல்லாம் ஆட்கள். யாரைக் கேட்டாலும் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு வழி சொன்னார்கள்.

வாசலில் ஒரு வயதான அம்மாள், கையில் ஜெபப் புத்தகம். மாமியார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"யாருங்க நீங்க?"

"ஆரணியிலேர்ந்து வாரேன். அக்காவப் பாக்கணும்."

"எந்த அக்கா?"

எனக்குப் பெயர் தெரியாது. "வந்தவாசி" என்று வாய்வரை வந்துவிட்டது. வந்தவாசியில் வந்து நின்றுகொண்டு வந்தவாசியைப் பார்க்க வேண்டும் என்றால் அடித்துத் துரத்துவார்கள். அதற்குள் என் குரல் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவை, காதோரம் நரை, குரலைவிடச் சின்ன உருவம். நான் மனதில் வைத்திருந்த முகம் அது இல்லை. என் முகமும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஆரணியா?" என்றார்.

"ஆமாக்கா. மைனஸ் ரெண்டு தப்பு."

இதுதான் நாங்கள் நேரில் பேசிய முதல் பேச்சு. அவர் கணவர் பின்னால் வந்து நின்றார். அமைதியான மனிதர். ஒன்றும் புரியாவிட்டாலும், "உள்ள வாங்க தம்பி" என்றார். கூடத்தில் எல்லோரும் சுற்றி நிற்கப் பெட்டியைத் திறந்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார். உள்ளே நறுக்கிய அட்டைகள்.

"இத்துக்கா ஆரணிலேர்ந்து வந்தீங்க?" என்றார். அந்தக் குரலில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

தரையில் தாளை விரித்து, புள்ளி வைத்த அட்டையை அவர் கையில் கொடுத்தேன். புரட்டச் சொன்னேன். புள்ளி வலது பக்கம் போனதை அவர் பார்த்தார். பிறகு அவரே மெல்லத் தள்ளினார்.

"t பூஜ்யத்துக்கு முன்னாடி, தொடல. அப்ப ஜீரோ. இப்ப வலது ஓரம் உள்ள வந்துட்சி. பூஜ்யத்துலேர்ந்து t வரைக்கும். ரெண்டு t. அட்டை முழுசா உள்ள வர்ற வரைக்கும், அதாவது ரெண்டு வரைக்கும். அப்புறம் t மைனஸ் ரெண்டுலேர்ந்து t வரைக்கும், நாலு, மாறல. வலது ஓரம் மூணத் தாண்டிட்சி. இப்ப t மைனஸ் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும். பத்து மைனஸ் ரெண்டு t. அஞ்சில முடிஞ்சி போச்சி."

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப இத்தினி நாளா நான் போட்டது எல்லாம் தப்பா தம்பி?"

"உருவம் எல்லாம் சரிக்கா. இடம்தான் தப்பு."

"கீழ் லிமிட்டுக்கு ரெண்டு இடது ஓரத்துல எது பெருசோ அது. மேல் லிமிட்டுக்கு ரெண்டு வலது ஓரத்துல எது சிறுசோ அது. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். எந்தப் புத்தகத்திலும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, அட்டைகளை அவரிடமே பெட்டியோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன். இன்னும் ஒரு சாயங்காலம் இருந்தது, பழகிக்கொள்ளட்டும் என்று. கையை வீசிக்கொண்டு தெருவில் நடந்தபோது அத்தனை வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்ததால் ஒன்றிரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தேன்.

தேர்வு ஹாலில் அவர் எனக்கு நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கணவர் வெளியே மரத்தடியில். கேள்வித்தாளில் அது வந்திருந்தது. இந்த முறை ஒரு துடிப்பு ஒன்றிலிருந்து நான்கு வரை. மற்றது பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை. என் விடையை முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். அவர் அடி ஸ்கேலை மேஜையில் படுக்க வைத்து, அதன் மேல் ஹால் டிக்கெட்டை வைத்திருந்தார். போட்டோ ஒட்டிய பக்கம் மேலே இருந்தது. அதைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி வைத்து, மெல்ல வலது பக்கம் தள்ளினார். எனக்குப் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியது எனக்கு நினைவில்லை.

வெளியே வந்தபோது அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

லைன் சரியாக இன்னும் சில நாள் ஆனது. முதல் நாள் மத்தியானம் ரிசீவரை ஆசையோடு எடுத்தேன். வேலூர் இன்னும் சாப்பிடப் போகவில்லை. போளூரும் இருந்தது.

"இன்னா ஆரணி சார்," என்றார் போளூர்க்காரர், "வந்தவாசிக்குப் பட்டுப்பொடவை எட்துகினு போனீங்களாமே? அந்த ஊரு லைன்மேன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். போவும்போது பெட்டி இருந்துதாம், வரும்போது இல்லியாம்!"

வேலூர் சிரித்தது. எத்தனை பேர் அந்த லைனில் இருந்தார்கள் என்று தெரியாது. அது அட்டை, கன்வல்யூஷனுக்கு வெட்டிய அட்டை என்று நான் கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. பட்டுப்புடவைப் பெட்டியில் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றால் நம்புகிறவன் எவன்? ஆரணியிலிருந்து ஒருவன் மயில் போட்ட பெட்டியோடு போய் வெறுங்கையோடு திரும்பினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். கூடத்தில் பெட்டி திறந்ததைப் பார்த்தவர்கள் நாலு பேர். தெருவில் பெட்டியைப் பார்த்தவர்கள் நாற்பது பேர் இருக்கும்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு வந்தவாசி பேசியது.

"லெவல் சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். "சரிங்க சார்" என்றது. ரிசீவர் வைக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். வேலூர் சாப்பிடப் போனதும் அந்தப் பக்கமும் ரிசீவர் கீழே இறங்கிவிடும். அவருக்கு வீட்டில் என்ன நடந்தது, தெருவில் என்ன பேசினார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. கேட்டால் அதையும் எல்லோரும் கேட்பார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதற்காக என்னை நானே திட்டிக்கொண்டதும் இல்லை. இன்றைக்கு அதே வெள்ளிக்கிழமை வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறுவேன். என் கோபமெல்லாம் கம்பியை அறுத்தவன் மேல்தான்.

தேர்வு முடிவு மாதங்கள் கழித்து வந்தது. சர்வீஸ் லைனில் வேலூர்தான் முதலில் சத்தம் போட்டது.

"வந்தவாசி பாஸ்! இனிமே நம்மளுக்கு ஆபீசரு, ஜாக்கிரதையா பேசுங்கப்பா."

ஆளாளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். போளூர்க்காரர் ஸ்வீட் எங்கே என்று கேட்டார். நான் என் முறை வரட்டும் என்று காத்திருந்து, "வாழ்த்துகள்" என்றேன். அக்கா என்று சேர்த்துச் சொல்லவில்லை.

"வேலூர், போளூர், ஆரணி, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க," என்றார் அவர்.

அன்று காலைத் தபாலில் எனக்கும் பாஸ் என்று வந்திருந்தது. யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு லெவல் எடுக்க ஆரம்பித்தேன்.